இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆல்பம்: கேட்பவர்கள் கேட்கும் கேள்விகள்

2005-இல் வந்த ஆல்பம். இன்றும் யாராவது ஒருவர் முதல் தடவையாகக் கேட்டுவிட்டு, பிடித்தும் பிடிக்காமலும் குழம்பி நிற்கிறார். ராகம், தாளம், மேற்கத்திய இசை இலக்கணம் எதுவும் தெரியாமல், காதை மட்டும் நம்பிக் கேட்பவர்களுக்காக எழுதிய பதில்கள் இவை.

இது சினிமாப் பாட்டா, பக்திப் பாட்டா, என்ன ஆல்பம் இது?

சினிமாவோடு எந்தத் தொடர்பும் இல்லை. மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்திலிருந்து ஆறு இடங்களை எடுத்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்து இளையராஜா இசையமைத்திருக்கிறார். தமிழ் வரிகளுக்கு இடையே வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். வெளியிட்டது தமிழ் மையம் என்ற அமைப்பு. அதன் பின்னால் இருந்தவர் கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பார். சிவனைப் பாடிய நூலுக்கு ஒரு பாதிரியார் முன்னின்று இசை வடிவம் கொண்டுவந்தார் என்பதே அந்த நேரத்தில் பெரிய பேச்சாக இருந்தது.

பக்திப் பாட்டு என்று நினைத்துப் போட்டால், மணியும் மிருதங்கமுமாக ஒரு காலை நேரத்துப் பாட்டு வரும் என்று மனம் எதிர்பார்க்கும். வருவதோ வயலின்கள், பித்தளைக் கருவிகள், கூட்டமாகப் பாடும் குரல்கள். முதல் தடவை கேட்கும்போது தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியானால் இதுதான் இளையராஜாவின் சிம்பொனியா?

இல்லை. ஆல்பத்தை ‘திருவாசகம் இன் சிம்பொனி’ என்றும் சொல்வதால் வரும் குழப்பம். சிம்பொனி என்றால் பொதுவாகக் கருவிகள் மட்டுமே பேசும் நீண்ட இசை. இது ஒரு சமய நூலின் வரிகளைத் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து பாடும் வடிவம். மேற்கில் இதற்கு ஆரடோரியோ என்று பெயர். மேடையில் நடிப்பு கிடையாது, வேஷம் கிடையாது. நாடகம் முழுக்கக் காதில்தான். இளையராஜாவின் சிம்பொனி என்றால் அது ‘வேலியன்ட்’. லண்டனில் 2025 மார்ச் 8 அன்று அரங்கேறியது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்?

நான்காவதாக வரும் ‘உம்பர்கட்கரசே’. வரிசையை மீறச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இந்தப் பாட்டில் ஆங்கிலம் குறுக்கே நிற்பதாகத் தோன்றாது. பாட்டின் உணர்ச்சி நேரானது; யாருக்கும் விளக்கம் தேவைப்படாதது. பிடித்த பத்து என்ற பகுதியிலிருந்து எடுத்தது. முதல் செய்யுள் இப்படி முடிகிறது:

“செம்பொருள் துணிவே சீருடைக் கழலே
செல்வமே சிவபெருமானே
எம்பொருட்டு உன்னைச் சிக்கெனப் பிடித்தேன்
எங்கெழுந்து அருளுவது இனியே.”

முன்பாதி முழுவதும் அழைப்புதான். அரசே, யோகமே, மருந்தே என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். திடீரென்று “சிக்கெனப் பிடித்தேன்”. இனி எங்கே போவாய் என்று இறைவனையே மடக்குகிறார். கிளம்பப் போகிற அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் பிடிவாதம் இது. அதே பத்தில் “அம்மையே அப்பா” என்று தொடங்கும் செய்யுளும், “பால் நினைந்தூட்டும் தாயினும் சாலப் பரிந்து” என்ற செய்யுளும் உண்டு. தேவாரம் திருவாசகம் பக்கமே போகாதவர்களும் எங்கோ கேட்டிருப்பார்கள்.

இசையும் இந்த இடத்தில் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வரிக்கு வழிவிட்டு, பின்னால் நின்று தாங்குகிறது. இதை இரண்டு மூன்று நாள் கேட்டுப் பழகிய பிறகு முதல் பாட்டுக்குப் போனால் காது தயாராக இருக்கும்.

மொத்தத்தில் ஆல்பத்தின் மனநிலை என்ன? சோகமா, உற்சாகமா?

இரண்டும் உண்டு, ஆனால் கலந்து கிடக்கவில்லை. ஓர் ஒழுங்கில் வருகிறது. அந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டால் ஆல்பம் பாதி பிடிபட்டது மாதிரி.

திருவாசகத்தில் 51 பகுதிகள். நூல் சிவபுராணத்தில் தொடங்கும். ஆல்பமோ யாத்திரைப் பத்திலிருந்து தொடங்குகிறது. அது நூலில் 45-ஆவது பகுதி. அதாவது கிட்டத்தட்டப் பயணம் முடிகிற இடம். “பூவார் சென்னி மன்னன்” என்று ஆரம்பிக்கும் அந்தச் செய்யுளின் கடைசி வரி, “போவோம் காலம் வந்ததுகாண் பொய்விட்டு உடையான் கழல்புகவே”. கிளம்புங்கள், நேரமாகிவிட்டது என்று அடியார்களைக் கூப்பிடுகிறார். ஒரு பெரிய கூட்டம் புறப்படுகிற எழுச்சி அந்த முதல் பாட்டில் இருக்கிறது.

அடுத்த பாட்டு அப்படியே பின்னால் இழுத்துப் போகிறது. இத்தனை தூரம் எப்படி வந்தேன், எத்தனை பிறவி எடுத்தேன் என்று களைத்துப்போன ஒருவரின் குரல். சிவபுராணத்தின் ‘பொல்லா வினையேன்’. ஆல்பத்தின் மிகக் கனமான பகுதி இது.

மூன்றாவது பாட்டில் காற்று வருகிறது. திருக்கோத்தும்பியில் வண்டைக் கூப்பிட்டு, நீ போய் அவன் பாதத்தில் ஊது என்று அனுப்புகிறார். பிரமனும் இந்திரனும் கலைமகளும் திருமாலும் நான்கு வேதங்களும் அறியாத பாதம் என்று பெரிய பெரிய பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, தூது அனுப்புவது ஒரு சின்ன வண்டை! கனத்த இரண்டாவது பாட்டுக்குப் பிறகு இதைக் கேட்கும்போது தோள் தளர்கிறது.

நான்காவது, மேலே சொன்ன பிடிவாதம். ஐந்தாவது ‘முத்துநல் தாமம்’, திருப்பொற்சுண்ணத்திலிருந்து; பெண்கள் கூடி வாசனைப் பொடி இடித்துக்கொண்டே பாடும் பாட்டு. முத்துமாலையும் பூமாலையும் தொங்கவிடுங்கள், முளைக்குடம் வையுங்கள், தூபதீபம் ஏற்றுங்கள் என்று விழாவுக்கு வீடு தயாராகிறது. ஆல்பத்தின் மகிழ்ச்சி இங்கேதான். ஆறாவது, எதற்கும் அஞ்சேன் என்று நிமிர்ந்து நிற்கும் ‘புற்றில் வாள் அரவும் அஞ்சேன்’.

ஆக, புறப்பாடு, களைப்பு, தூது, பிடிப்பு, விழா, துணிவு. நூலில் இவை 45, 1, 10, 37, 9, 35 என்ற எண்களில் சிதறிக் கிடக்கின்றன. வரிசையை மாற்றி இப்படி ஒரு கதையாக்கியதுதான் இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த காரியம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லோரும் ஆங்கிலத்தைப் பற்றியே சண்டை போடுகிறார்கள்.

இருபது நிமிடம் ஓடும் அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

‘பொல்லா வினையேன்’ சுமார் இருபது நிமிடம். மற்றவை எல்லாம் இதைவிட நன்றாகவே சிறியவை. ஆனால் இதன் நடுவே இருப்பது ஏழே வரிகள்:

“பொல்லா வினையேன் புகழுமாறு ஒன்றறியேன்
புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்மிருகமாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்
வல்லசுரராகி முனிவராய்த் தேவராய்ச்
செல்லாஅ நின்ற இத் தாவர சங்கமத்துள்
எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்.”

இந்த வரிகளைக் காட்டி, டார்வினுக்கு முன்பே நம் ஆள் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். புல், பூண்டு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு என்று போய், பாம்புக்குப் பிறகு கல்! கல்லுக்குப் பிறகு மனிதர், உடனே பேய். இதில் ஏறுபடி எதுவும் இல்லை. உயர்ந்ததும் தாழ்ந்ததும் முறையில்லாமல் மாறி மாறி வருகின்றன. தேவராய்ப் பிறந்தும் அது முடிவாகவில்லை. அதுவும் இன்னொரு அலைச்சல்தான். கடைசியில் வருவது வியப்பும் இல்லை, பெருமிதமும் இல்லை. இளைத்துவிட்டேன் என்கிறார்.

இசையைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பரபரவென்று ஓட்டிவிடாமல் ஒவ்வொரு பிறவிக்கும் நேரம் கொடுத்திருக்கிறார் இளையராஜா. பாட்டு நீளமாக இருக்கிறதே என்று நமக்கு அலுப்புத் தட்டுகிறது இல்லையா, அந்த அலுப்புக்கும் இங்கே வேலை இருக்கிறது. மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டில் ஒருவர் எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்று சொன்னால் நம்ப முடியாது.

எங்கே கவனிக்க வேண்டும் என்று கேட்டால், கூட்டுக்குரல்கள் பெரிதாக எழும்பி அடங்கிய பிறகு தனிக்குரல் திரும்பும் இடங்களை. அத்தனை ஆட்கள், அத்தனை கருவிகள் எல்லாம் விலகி, ஒரு ஆள் மட்டும் மிச்சமாக நிற்பது போல் இருக்கும். பாட்டில் உலகம் பெரியது, பாடுகிறவர் சிறியவர். அந்த அளவு வித்தியாசத்தைக் காட்டத்தான் இவ்வளவு பெரிய இசைக்குழு தேவைப்பட்டிருக்கிறது.

நடுவில் ஆங்கிலம் எதற்கு? ஒட்டவே இல்லையே!

பலருக்கும் இருக்கும் குறைதான். எனக்கும் பாதி உண்டு.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷ்வார்ட்ஸ் எழுதியது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு இல்லை. நான் வெறும் மனிதன், குறைகள் உள்ளவன், புனிதமான ஒன்றை நான் எப்படி எட்ட முடியும் என்கிற பொருளில், எளிய சின்னச் சொற்களால் எழுதியிருக்கிறார். “புகழுமாறு ஒன்றறியேன்” என்பதன் மனநிலை அதில் இருக்கிறது. தமிழ் தெரியாதவருக்குக் கதவு அதுதான். தமிழ் தெரிந்தும் பழந்தமிழ் புரியாத நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் கதவு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டாமல் போவதற்குக் காரணம் பொருளில் இல்லை, ஓசையில். மாணிக்கவாசகர் வரிகள் புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் என்று மோனையில் முட்டிமோதிக்கொண்டு வருபவை. ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டே போகும். ஆங்கில வரிகள் வட்டமாக, மெழுகியது போல் முடிகின்றன. மேடை நாடகப் பாட்டின் வாசனை அவற்றில் உண்டு. ஷ்வார்ட்ஸ் அந்த உலகத்து ஆள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது காது ஒரு படி தவறி இறங்குகிறது.

பழகப் பழக இது குறையும். முழுவதும் போகாது.

வரிகள் காதில் தெளிவாக விழவில்லை. என் காதில் கோளாறா?

காதில் கோளாறு இல்லை. கூட்டமாகப் பல பேர் பாடும்போது மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று மோதி மங்கிப் போகும். எந்த மொழியிலும் இது உண்டு. தமிழில் சந்தி வேறு சேர்ந்துகொள்கிறது. “முத்துநற்றாமம்” என்று பாடும்போது அது முத்து, நல்ல, தாமம் என்று பிரிந்து கேட்காது.

அதனால் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது கேளுங்கள். திருவாசகம் உரையோடு மலிவு விலையில் கிடைக்கிறது. இணையத்திலும் இலவசமாக இருக்கிறது. தேட வேண்டிய பகுதிகள்: யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பாருங்கள். சேர்த்து அச்சிட்டதை எடுத்தால் மறுபடியும் அதே சிக்கல்தான்.

இளையராஜா குரல் இதற்குச் சரிவருமா? நல்ல பாடகர் யாரையாவது பாட வைத்திருக்கலாமே?

வழவழப்பான குரல் வேண்டும் என்பவர்களுக்கு இது குறையாகப் படும். அவர் குரலில் கரகரப்பு உண்டு. உச்சத்துக்குப் போகும்போது சிரமம் தெரியும். ஆனால் பாடுகிற ஆள் யார் என்று பாருங்கள். பொல்லா வினையேன் என்கிறார், ஊற்றையேன் என்கிறார், அதாவது அழுக்கானவன். இதைத் தேன்குழைத்த குரலில் பாடினால் அழகாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. இரண்டாவது, நான்காவது பாட்டுகளுக்கு இந்தக் குரல்தான் சரி என்பது என் கட்சி. கூட்டுக்குரல்களின் பளபளப்புக்குப் பக்கத்தில் அந்தக் கரகரப்பு இன்னும் தனியாகத் தெரிகிறது.

கோயிலில் ஓதுவார் பாடுவது மாதிரி இருக்குமா?

இருக்காது. திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவதுதான் மரபு. காலம் காலமாக அப்படிக் கேட்டவர்களுக்கு அந்த மெட்டும் வரியும் ஒன்றாகிவிட்டிருக்கும். இந்த ஆல்பத்தில் வரியை வேறு மெட்டில் கேட்கும்போது ஏதோ களவு போன மாதிரி தோன்றலாம். ஓதுவார் பாடுவதில் வரிதான் எல்லாம். இசை வரியைத் தூக்கிக்கொண்டு நடக்கும். இங்கே வரி சொல்லி முடித்த பிறகும் இசை தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறது. சிவபுராணத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்றால் ஓதுவாரிடம்தான் போக வேண்டும். அதன் 95 வரிகளில் இந்த ஆல்பம் எடுத்துக்கொள்வது ஒரு பகுதியைத்தான்.

போனில் போட்டால் ஓரிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, அடுத்த இடத்தில் காதைப் பிளக்கிறது. ரெக்கார்டிங் சரியில்லையா?

ரெக்கார்டிங் நன்றாகவே இருக்கிறது. நாம் கேட்டுப் பழகிய சினிமாப் பாட்டுகள் தொடக்கம் முதல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருக்கும்படி சமன் செய்யப்பட்டவை. பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்க அதுதான் வசதி. பெரிய இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்யும்போது அப்படிச் சமன் செய்தால் அதன் உயிரே போய்விடும். இரண்டு வயலின் மட்டும் மெல்ல இழைப்பதற்கும், எல்லோரும் சேர்ந்து எழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

போன் ஸ்பீக்கரில் இதைக் கேட்பது வீண். அதில் அடி ஸ்தாயிக் கருவிகள் வரவே வராது. மெல்லிய இடங்கள் தெருச் சத்தத்தில் மூழ்கிவிடும். சாதாரண ஹெட்போன் போதும். சத்தத்தை வைக்கும் முறை ஒன்று உண்டு: பாட்டின் பெரிய இடம் எதுவோ அதைப் போட்டு, காதுக்கு இதமாக இருக்கும் அளவுக்கு ஒலியை வையுங்கள். அப்புறம் ஆரம்பத்திலிருந்து போட்டு, மெல்லிய இடம் வந்தாலும் பட்டனைத் தொடாதீர்கள். மெல்லிய இடம் மெல்லியதாகவே கேட்கட்டும்.

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடலாமா?

மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஓடவிடலாம். இரண்டாவதை வேண்டாம்; நடுவில் ஒரு போன் வந்தால் பாட்டு போய்விடும்.

கடைசிப் பாட்டில் வேறு தெய்வத்தை நம்புகிறவர்களைத் திட்டுவது போல் இருக்கிறதே. இது சரியா?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பலர் “அஞ்சேன் அஞ்சேன்” என்ற வேகத்திலேயே இதைத் தாண்டிவிடுவார்கள். புற்றில் இருக்கும் பாம்புக்கு அஞ்சமாட்டேன், பொய்யர்கள் மெய் பேசினாலும் அஞ்சமாட்டேன் என்று ஆரம்பித்து, நான் அஞ்சுவது ஒருவரைப் பார்த்துத்தான் என்கிறார்: “மற்றும் ஓர் தெய்வம் தன்னை உண்டென நினைந்து எம்பெம்மாற்கு அற்றிலாதவரைக் கண்டால் அம்ம நாம் அஞ்சுமாறே.” இன்னொரு தெய்வம் உண்டு என்று நினைத்து, எம்பெருமானுக்கு அன்பில்லாதவர்களைக் கண்டால்தான் பயம்.

மாணிக்கவாசகர் காலத்துச் சமயச் சூடு இதில் அப்படியே இருக்கிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஒரு பாதிரியார் முன்னின்று கொண்டுவந்த ஆல்பம் இந்தச் செய்யுளில் போய் முடிகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கஸ்பார் இதைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார். கேட்பவர் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது அந்த நிமிர்வைத்தான். இசையும் அதையே முன்னால் தள்ளுகிறது. ‘அஞ்சேன்’ திரும்பத் திரும்ப வந்து விழும்போது, யாரைக் கண்டு அஞ்சுகிறார் என்ற பகுதி பின்னுக்குப் போய்விடுகிறது. வரியைப் படித்தால் ஒரு பாட்டு, கேட்டால் வேறு பாட்டு.

விமர்சகராக ஒரே ஒரு குறை சொல்லுங்கள் என்றால்?

ஆங்கிலத்தைச் சொல்லமாட்டேன். ‘முத்துநல் தாமம்’ பாட்டைச் சொல்வேன். அது உலக்கை போட்டு இடிக்கிற பெண்களின் பாட்டு. கை வலியும், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதும், மூச்சு வாங்குவதும் உள்ள பாட்டு. சத்தி, சோமி, பார்மகள், நாமகள் எல்லோரும் வந்து பல்லாண்டு பாடுங்கள், சித்தி, கௌரி, பார்ப்பதி, கங்கை எல்லோரும் வந்து கவரி வீசுங்கள் என்று தேவியரையே வேலைக்குக் கூப்பிடுகிற உரிமை அதில் இருக்கிறது. ஆல்பத்தில் விழா இருக்கிறது, அழகு இருக்கிறது. அந்த வேர்வை போதாது. கிராமத்து நடவுப் பாட்டையும் கும்மியையும் இளையராஜா அளவுக்குத் தெரிந்தவர் யார்? அவர் நினைத்திருந்தால் அந்த உலக்கைச் சத்தத்தைப் புடாபெஸ்ட் வரை கொண்டுபோயிருக்கலாம்.